டிஸ்க்குக்கு அடியில் இருந்தவை

கெலாங் பாத்தாவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கும் தொழிற்சாலைகள், அவர்களுடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கான ஆவணங்களை ஏற்றும் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறோம். பாஸ்போர்ட் பக்கங்கள், மருத்துவச் சான்றிதழ், புகைப்படம், முதலாளியின் கடிதம். எல்லாவற்றையும் வாங்கி, சரிபார்த்து, கட்டாகக் கட்டி அரசாங்க இலாகாவின் கணினிக்கு அனுப்பிவைப்பது எங்கள் தளத்தின் வேலை. அந்தத் தளம் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

என் வேலை என்று சொன்னாலும் உண்மையில் அது இரண்டு பேருடைய வேலை. எனக்கு மேலே ஒரு மூத்தவர் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அந்தக் கணினிகளை வாங்கி அடுக்கியதும் அவர்தான், அவற்றின் குணம் தெரிந்தவரும் அவர்தான். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

பின்னறையில் நான்கு சர்வர்கள். மூன்று சர்வர்களில் தளம் ஓடும். யார் ஆவணம் ஏற்றினாலும் அந்த மூன்றில் ஏதோ ஒன்று அதை வாங்கும். ஆனால் வாங்கிய கோப்பை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாது. நான்காவதாக இருக்கும் ஸ்டோரேஜ் சர்வரில் கொண்டுபோய் வைக்கும். மூன்றுக்கும் பொதுவான அலமாரி அது. தளத்தின் எந்தச் சர்வரிலிருந்து பார்த்தாலும் அந்த அலமாரியில் இருப்பது ஒரு ஃபோல்டராகத் தெரியும், சொந்த டிஸ்க்கில் இருப்பது போலவே.

அன்று ஒரு பிரிவுத் தொழிலாளர்களுக்கான விண்ணப்பத்தின் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு எங்கள் தளம் மூடும். ஐந்தரைக்குள் கட்டு இலாகாவுக்குப் போய்விட வேண்டும், ஆறு மணிக்கு அந்தப் பக்கத்துக் கதவும் மூடும். அண்ணன் வரவில்லை. முதல்நாள் அவருடைய மாமனார் தவறிவிட்டார். காஹாங்கில் வீடு. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், போன் கிடைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. போகும்போது, "ஒன்னும் தொடாத, அது பாட்டுக்கு ஓடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் எதையும் தொடவில்லை. மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கட்டடத்துக்காரர் அனுப்பிய எலெக்ட்ரிஷியன் யூபிஎஸ் பேட்டரியைப் பார்க்க வந்தார். பேட்டரி செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு சுவிட்சைத் தட்ட, ஸ்டோரேஜ் சர்வர் அணைந்தது. மற்ற மூன்றும் வேறு இணைப்பில் இருந்ததால் தப்பின. அந்த மனிதர் வெளியே ஓடிவந்து மலாயில் மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். மின்விசிறிகள் இரைய, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வர, சர்வர் எழுந்தது.

அது எழுந்துகொண்டிருந்த நேரத்தில் மற்ற மூன்றும் வாயைத் திறக்கவில்லை. அதில் எனக்குப் பயம் இல்லை. அலமாரி காணாமல் போனால், வரும்வரை காத்திருக்கும்படிதான் அவற்றை அண்ணன் அமைத்திருந்தார். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்பு ஒருமுறை நெட்வொர்க் கேபிள் கழன்றபோது அப்படித்தான் நடந்தது.

இந்த முறை அப்படி நடக்கவில்லை. ஸ்டோரேஜ் எழுந்து ஒரு நிமிடத்தில் மூன்று சர்வர்களின் பதிவிலும் ஒரே வரி ஓடத் தொடங்கியது. ஸ்டேல் ஃபைல் ஹேண்டில். திரை நிறைய அதுதான், மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தளத்தின் சர்வர் ஒரு ஃபோல்டரையோ கோப்பையோ திறக்கும்போது ஸ்டோரேஜ் அதற்கு ஒரு அடையாள எண் கொடுக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் காட்டித்தான் கேட்கும். சாதாரணமாக ஸ்டோரேஜ் அணைந்து எழுந்தாலும் அந்த எண் செல்லும். செல்லவில்லை என்றால், அந்த எண்ணுக்குரிய பொருள் இப்போது தன்னிடம் இல்லை என்று ஸ்டோரேஜ் சொல்கிறது. என்னிடம் இல்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ஏன் இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் அந்த வரி எப்போது நிற்கும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன்கள் அடிக்கத் தொடங்கின. சிம்பாங் ரெங்காமில் ஒரு தொழிற்சாலை, பாசிர் கூடாங்கில் மூன்று, செனாயில் ஒன்று. முதலாளி தன் அறையிலிருந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், தாத்தாவும் அப்பாவும் அரசாங்க உத்தியோகம். அதனால் அவர் கோபப்பட்டாலும் குரல் உயராது.

"எவ்வளவு நேரமாகும்?"

"பாக்கறேன் சார்."

"அஞ்சு மணிக்கு மூடிடும், தெரியும்தானே?"

"தெரியும் சார்."

அண்ணனுக்கு மூன்று முறை போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை. இந்தப் பிழைக்கு எல்லோரும் செய்யும் வைத்தியம் எனக்குத் தெரியும். தளத்தின் சர்வரில் அந்த ஃபோல்டரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். கழற்றப் பார்த்தேன், பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தது. வலுக்கட்டாயமாகப் பிய்த்து, மறுபடி மாட்டி, தளத்தின் நிரலை நிறுத்தித் தொடங்கினேன். முதல் சர்வரில் அந்த வரி நின்றது. இரண்டாவது, மூன்றாவது. ஒன்றரை மணிக்கு எல்லாம் அமைதி.

சோதனைக்கு ஒரு படத்தை ஏற்றினேன். ஏறியது. திறந்தேன். திறந்தது. முதலாளி என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல காலம்" என்றார். வரவேற்பில் இருக்கும் பெண் எனக்கு ஒரு ஐஸ் மைலோ வாங்கிவந்து மேசையில் வைத்தாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அண்ணன் இல்லாமல் தனியாகச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று சர்வர்களிலும் நான் மாட்டியது ஒரு காலி ஃபோல்டர். அது எனக்குத் தெரியாது.

இதை விளக்க ஒன்றரை வருடம் பின்னால் போக வேண்டும். அதற்கு முன்னால் எல்லா ஆவணங்களும் ஸ்டோரேஜ் சர்வரின் சின்ன டிஸ்க்கில், ஒரு ஃபோல்டரில் இருந்தன. அது நிரம்பிவிட்டதால் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கினோம். கோப்புகளையெல்லாம் பெரிய டிஸ்க்குக்கு நகலெடுத்து, பழையதை அழித்து, காலியான அதே ஃபோல்டரின் மேல் பெரிய டிஸ்க்கைப் பொருத்தினோம். அப்படிப் பொருத்தினால் ஃபோல்டருக்குள் போகிறவருக்கு டிஸ்க் தெரியும், அடியில் இருக்கும் காலி ஃபோல்டர் தெரியாது. பெயர் அதே பெயர்தான் என்பதால் தளத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் பெரிய டிஸ்க்கைத் தானாகப் பொருத்திக்கொள்ள வேண்டுமென்றால், அதற்கென்று உள்ள ஒரு பட்டியலில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அந்த வரி எழுதப்படவில்லை. அன்று கையால் பொருத்தியது, ஒன்றரை வருடம் சர்வர் அணையவே இல்லாததால், அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எலெக்ட்ரிஷியன் சுவிட்சைத் தட்டிய பிறகு சர்வர் பெரிய டிஸ்க் இல்லாமல் எழுந்தது. அடியில் இருந்த காலி ஃபோல்டரை எடுத்து, இதுதான் அலமாரி என்று எல்லோருக்கும் காட்டியது. பழைய எண்களோடு வந்து கேட்ட மூன்று சர்வர்களிடமும், அந்தப் பொருள் இங்கே இல்லை என்று சரியாகத்தான் சொன்னது.

இரண்டு மணிக்கு மேல் வேறு மாதிரிப் புகார்கள் வந்தன. போன வாரம் ஏற்றிய ஆவணத்தைத் திறந்தால் கோப்பு இல்லை என்கிறது என்றார்கள். இப்போது ஏற்றுவது ஏறுகிறதா என்று கேட்டேன். ஏறுகிறது, பச்சை டிக் வருகிறது என்றார்கள். அப்படியானால் பழையது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், நீங்கள் ஏற்றிக்கொண்டே இருங்கள் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன், ஒவ்வொருவரிடமும்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர் மாசாயில் உள்ள ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அக்கா. போனில் மட்டும்தான் பழக்கம், ஆனால் மாதம் இரண்டு முறையாவது பேசுவோம். நானும் மாசாய்தான் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, பதினோரு பேரோடது ஏத்தணும். ஆளுங்கள ஷிப்டுலேருந்து வரச் சொல்லி பக்கத்துலயே நிக்க வெச்சிருக்கேன். ஓகேதானே லா?"

"ஓகே அக்கா. ஏத்துங்க."

நான்கு மணிக்கு அண்ணன் தானாகவே கூப்பிட்டார். பின்னால் தப்பு மேளத்தின் ஓசையும் பெண்கள் அழும் குரலும் கேட்டன. தவறிய அழைப்புகளைப் பார்த்திருக்கிறார்.

"என்னாச்சு?"

"ஸ்டோரேஜ் ஆஃப் ஆயி வந்துச்சு அண்ணே. ஸ்டேல் எரர் வந்துச்சு, மறுபடி மவுண்ட் பண்ணேன், போயிடுச்சு. ஆனா பழைய பைலெல்லாம் காணோம்."

அவர், "ஸ்டோரேஜ்ல இடம் எவ்வளவு காட்டுது பாரு" என்றார்.

பார்த்தேன். ஆயிரக்கணக்கான ஜிபி காட்ட வேண்டிய இடத்தில் நாற்பதோ என்னவோ காட்டியது.

"ஐயோ, அலமாக்! பெரிய டிஸ்க் ஏறல. அதப் பொருத்து. பொருத்திட்டு மூணு சர்வரையும் கழட்டி மாட்டு. முதல்ல தளத்த நிறுத்திக்க."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். தூக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் கேட்காத ஒரு விஷயத்தை நான் சொல்லவில்லை. அந்தக் காலி ஃபோல்டரில் இரண்டரை மணி நேரமாக ஜனங்கள் ஆவணங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. எனக்கே அது அப்படி விளங்கியிருக்கவில்லை. பெரிய டிஸ்க் வந்தால் எல்லாம் வந்துவிடும் என்றுதான் என் மண்டையில் இருந்தது.

முதலாளியிடம் தளத்தை நிறுத்த வேண்டும் என்றேன். கடைசி ஒரு மணி நேரத்தில் நிறுத்துவதா, ஓட ஓடவே செய் என்றார். செய்தேன். டிஸ்க்கைப் பொருத்தி, இனி அதையே அலமாரியாகக் காட்டும்படி செய்ததும், மூன்று சர்வர்களிலும் அதே வரி மறுபடி ஓடத் தொடங்கியது. ஸ்டேல் ஃபைல் ஹேண்டில். இப்போது காலி ஃபோல்டரின் எண்கள் செல்லாமல் போயிருந்தன. மறுபடி கழற்றினேன், மாட்டினேன், தொடங்கினேன். நாலே முக்காலுக்கு எல்லாம் எழுந்தது. போன வாரத்துக் கோப்புகள் திறந்தன. முதலாளி தன் அறைக்குப் போனார்.

அடுத்த நிமிடம் கிராணி அக்கா.

"தங்கச்சி, நான் ஏத்துனது ஒன்னுமே காணோமே. டிக்கு இருக்கு. தொறந்தா வெறும் வெள்ளையா வருது."

நான் என் திரையில் அவருடைய பட்டியலைத் திறந்தேன். பதினோரு பெயர்கள். எல்லாவற்றுக்கும் எதிரில் பச்சை டிக், சமர்ப்பிக்கப்பட்ட நேரம், கோப்பின் பெயர். கோப்பு மட்டும் இல்லை. ஒன்றரைக்கும் நாலரைக்கும் இடையில் மாநிலம் முழுக்க யார் எதை ஏற்றியிருந்தாலும் அதே கதி. அவை எங்கே போயின என்று எனக்குப் புரியவில்லை. நான் வலுக்கட்டாயமாகக் கழற்றியதில் அழிந்துவிட்டன என்று நினைத்தேன்.

"மறுபடி ஏத்துங்க அக்கா."

"எப்பிடி ஏத்தறது? சப்மிட் ஆயிடுச்சு, பூட்டிக்கிச்சு."

சமர்ப்பித்த விண்ணப்பத்தைத் தளம் பூட்டிவிடும். பூட்டைத் திறக்க நான் தரவுத்தளத்துக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்கலாம்தான். ஆனால் சமர்ப்பிக்கப்பட்டவை மட்டும்தான் கட்டில் சேரும் என்பதால், திறந்து ஏற்றாமல் விட்டவர்களுடைய விண்ணப்பமே இல்லாமல் போகும். அதனால் போனில் யார் இருக்கிறார்களோ அவர்களுடையதை மட்டும் திறந்தேன். போனில் இருந்தது கிராணி அக்கா. நான் ஒன்றைத் திறப்பேன், அவர் ஏற்றி அனுப்புவார், நான் அடுத்ததைத் திறப்பேன். பட்டியலில் இருந்த வரிசையிலேயே போனோம். மற்ற போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எடுக்கவில்லை.

எட்டு முடிந்தது. ஒன்பதாவதைத் திறந்து அவர் பாஸ்போர்ட் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது ஐந்து மணி ஆனது, தளம் தானாக மூடியது. ஒன்பதை அவசரமாகத் திரும்பப் பூட்டினேன். கோப்பு இல்லாமலாவது கட்டில் இருக்கட்டும் என்று.

நான் முதலாளியின் அறைக்கு ஓடினேன். கட்டை அனுப்பாதீர்கள், கோப்புகள் இல்லாமல் போகிறது, இலாகாவிடம் பேசி ஒரு நாள் கேளுங்கள் என்றேன். அவர் போனில் யாரிடமோ பேசினார். ஆமாம், ஆமாம், புரிகிறது என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

"நேரம் நேரம்தானாம். இருக்கிறத அனுப்பு. இல்லாட்டி எல்லாருக்கும் போயிடும்."

அனுப்பினேன். ஐந்தரைக்குக் கட்டு போனது.

ஆறு மணி கழிந்து சற்று நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார். நடந்ததை முழுவதும் சொன்னேன். இப்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழியல," என்றார். "கீழ இருக்கு. டிஸ்க்குக்கு அடியில."

அவர் சொன்னபடி ஒரே ஒரு கட்டளை அடித்தேன். சின்ன டிஸ்க்கை வேறொரு பெயரில், மேலே எதுவும் பொருந்தாதபடி காட்டும் கட்டளை. ஃபோல்டருக்குள் போனேன். எல்லாம் இருந்தன. பதினோரு பேருடைய ஆவணங்களும், செனாயும், பாசிர் கூடாங்கும், ஒன்று குறையாமல், ஏற்றிய நேரத்தோடு. பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மணிக்கு இது தெரிந்திருந்தால் நகலெடுக்க நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

"இப்ப என்ன அண்ணே பண்றது?"

"காப்பி பண்ணி மேல போட்டு வை," என்றார்.

அடுத்த வாரம் அண்ணன் திரும்பியதும் ஸ்டோரேஜ் சர்வரின் பழைய கட்டளைகளைத் தோண்டிப் பார்த்தோம். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய அந்த நாளில் டிஸ்க்கைப் பொருத்திய கட்டளை என்னுடைய கணக்கிலிருந்து அடிக்கப்பட்டிருந்தது. அன்று நடந்ததை நினைவுபடுத்திப் பார்த்தேன். நகலெடுப்பு முடிந்து, கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்து, தெரிந்ததும் சந்தோஷமாக எழுந்து போயிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதாமல்.

"நான்தான் அண்ணே," என்றேன்.

"தெரியும்," என்றார். "போன வருஷமே பாத்தேன். வரிய எழுதிட்டு ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்னு பாஸ்கிட்ட ஒரு ஞாயித்துக்கெழம டைம் கேட்டேன். அடுத்த மாசம்னாரு. அப்புறம் நானும் கேக்கல."

"வரிய மட்டுமாவது எழுதியிருக்கலாமே."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "எழுதியிருக்கலாம்," என்றார்.

முதலாளி அறிக்கை எழுதினார். சேமிப்பகத்தில் தற்காலிகக் கோளாறு, அதே நாளில் சீர்செய்யப்பட்டது, தரவு இழப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பெயர் இல்லை, அண்ணன் பெயர் இல்லை, யூபிஎஸ் பேட்டரிகூட இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பெரிய தொழிற்சாலைகள் வழக்கறிஞர் கடிதத்தோடு மேல்முறையீடு செய்தன. சிலது நகர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். மாசாய் தொழிற்சாலையின் எட்டுப் பேருக்குப் பெர்மிட் வந்தது. மூன்று பேருக்கு ஆவணம் முழுமையில்லை என்று நிராகரிப்பு வந்தது. அக்கா எழுதிய மேல்முறையீடும் திரும்பிவிட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் யாரிடமும் சொல்லாமல் எங்கோ போய்விட்டார்கள். மூன்றாமவர் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தவர்.

அவரை அக்கா எங்கள் அலுவலகத்துக்கே அழைத்துவந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அக்காவை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்துப் பருமனான ஆளாக நினைத்திருந்தேன், மெலிந்து சின்னதாக இருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"மேடம், நான் அனுப்புனேன்ல?" என்று அந்த மனிதர் கேட்டார். "அக்கா பக்கத்துலதான் நின்னேன். பச்ச டிக்கு வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"அனுப்புனீங்க அண்ணே. வந்துச்சு. எங்க தப்பு."

"அத ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க மேடம். நான் போயி காட்டுறேன்."

நான் முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் யோசித்தார். அந்த மனிதரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஒருத்தருக்கு எழுதினா எல்லாருக்கும் எழுதணும்மா," என்றார். "நம்ம ஒப்பந்தம் போயிடும். நீயும் நானும் இங்க இருக்கமாட்டோம்." அவர் சொன்னதும் பொய் இல்லை.

திரும்பி வந்து, சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். சின்ன டிஸ்க்கில் கிடந்த அந்த மனிதருடைய கோப்பின் விவரத்தை அச்செடுத்தேன். கோப்பின் பெயர், தேதி, மதியம் இரண்டே முக்கால் என்ற நேரம். அதன் கீழே, இந்த விண்ணப்பதாரரின் ஆவணங்கள் காலக்கெடுவுக்குள் எங்களை வந்தடைந்தன என்று மலாயில் எழுதி, என் பெயரும் போன் எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு இலாகாவுக்குப் போனேன். எங்கள் முறை வர மதியமாகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி அந்தத் தாளை முழுவதும் படித்தார். என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். சிரத்தையாகத்தான் பார்த்தார்.

"உங்கள் சர்வருக்கு வந்தது. எங்களுக்கு வரவில்லையே," என்றார் மலாயில்.

"எங்கள் பக்கத்துக் கோளாறு, புவான். அவர் மேல் தப்பில்லை."

"அவர் மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை." திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த மனிதருடைய விண்ணப்ப எண்ணுக்கு எதிரே, திறக்க வழியில்லாத சாம்பல் நிறத்தில், முழுமையற்றது என்று இருந்தது. "மூடியாகிவிட்டது. எனக்கும் இதைத் திறக்க வழியில்லை. மேலே கேட்டாலும் இதே திரைதான்."

ஊருக்குப் போவதற்கு மட்டும் ஒரு தற்காலிகச் சீட்டு கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் அந்தச் சீட்டைக் கவருக்குள் வைத்தார், என் தாளையும் மடித்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். அக்கா கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார். நல்ல வெயில். சாப்பிடப் போகலாமா என்று நான் கேட்டேன். இரண்டு மணிக்கு ஷிப்ட், வேலைக்குப் போக வேண்டும் என்றார் அக்கா, யாருக்கு என்று சொல்லாமல். பெர்மிட் இல்லாதவர் எப்படி வேலைக்குப் போவார் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. அக்கா தன்னைத்தான் சொன்னார் என்று பிறகு புரிந்தது. ஷிப்ட் அக்காவுடையது. அந்த மனிதருக்கு இனி எந்த மணிக்கும் எங்கும் போக வேண்டியதில்லை.

"நீ ஏத்துங்கன்னு சொன்னியே தங்கச்சி," என்றார் அக்கா, காருக்குள் ஏறும் முன்பு. குற்றம் சாட்டும் குரலில் இல்லை. நடந்ததைத் தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல இருந்தது.

அந்த மாதக் கடைசியில் புதுக்கோட்டைக்காரர் ஊருக்குப் போனார். அண்ணன் ஸ்டோரேஜ் சர்வரின் பட்டியலில் அந்த வரியை எழுதினார். டிஸ்க் ஏறாவிட்டால் காலி ஃபோல்டரை யாருக்கும் காட்டக் கூடாது என்றும் ஒரு விதி சேர்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியே நேரம் கொடுத்து, ஸ்டோரேஜை அணைத்து எழுப்பிப் பார்த்தோம். பெரிய டிஸ்க் தானாக ஏறியது. மூன்று சர்வர்களும் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. ஒரு வரி பிழைகூட வரவில்லை. அண்ணன் பெருமூச்சுவிட்டு விளக்கை அணைத்தார். நாங்கள் படியிறங்கினோம்.

கிராணி அக்கா அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. தளத்தில் ஏதாவது சந்தேகம் என்றால் எங்கள் பொது முகவரிக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறார். கீழே தன் பெயரும் பதவியும் மட்டும் இருக்கும்.

புதுக்கோட்டைக்காரர் மட்டும் ஊரிலிருந்து வாட்ஸப்பில் எழுதுகிறார். அந்தத் தாளில் என் எண் இருந்தது. முதலில் வாரம் ஒருமுறை, இப்போது மாதம் ஒருமுறை. "மேடம் வணக்கம். நம்ம கேசு எதாச்சும் தெரிஞ்சுதா." ஒன்றும் ஆகாது அண்ணே, அது முடிந்துவிட்டது, வேறு வழியாகப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க முடியும் என்று நான் தெளிவாகவே எழுதினேன். இரண்டு முறை எழுதினேன். ஒருமுறை குரலிலும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, சரிங்க மேடம் என்றார். அடுத்த மாதம் மறுபடி அதே கேள்வி வந்தது.

போன வாரமும் வந்தது. இந்த முறை கூடவே ஒரு படம். நான் கையெழுத்திட்ட தாளுக்கு லேமினேஷன் போட்டிருக்கிறார். "பத்திரமா வச்சிருக்கேன் மேடம்" என்று எழுதியிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் அவருக்குப் போயிருக்கும்.